பழைய டெஸ்க்டாப்பிலிருந்து புதுசுக்கு: எதைக் கழற்றி மாட்டலாம், எதை விட்டுவிட வேண்டும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். அதனால் பத்து வருஷமாகப் பிரச்சினையில்லாமல் ஓடிய டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்கள் பலரும் இப்போது புதுசு கட்டலாமா என்று பார்க்கிறார்கள். அப்போது வரும் முதல் கேள்வி: பழையதில் எவ்வளவு தேறும்?

ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். புதிய மதர்போர்டில் இது பொருந்துமா? பொருந்தினாலும், இதன் வயதுக்கு இதை நம்பலாமா? ப்ராசஸரும் ரேமும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும், அதில் குழப்பமே இல்லை. ஆபத்து இருப்பது எஸ்எம்பிஎஸ்ஸிலும் ஹார்ட் டிஸ்கிலும்தான். இரண்டும் அழகாகப் பொருந்தும், ஆனால் இரண்டாவது கேள்வியில் கவிழ்த்துவிடும். இந்தக் கட்டுரையில் அதிக இடம் அவற்றுக்குத்தான்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். 2014-இல் வாங்கியது. இன்டெல் ஐ5-4460 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, டிடிஆர்3 ரேம் 4 ஜிபி இரண்டு, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்து வந்த "450 வாட்" எஸ்எம்பிஎஸ். பிறகு சேர்த்தவை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும். புதிதாகக் கட்ட நினைப்பது ரைசன் 5 7600, பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 16 ஜிபி டிடிஆர்5, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி.

எதையும் கழற்றுவதற்கு முன்

பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

முதலாவது, விண்டோஸ் உரிமம். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
slmgr /dli
```

ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் `RETAIL channel` என்று இருந்தால் அந்த உரிமத்தைப் பெரும்பாலும் புதிய கணினிக்குக் கொண்டுபோகலாம். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இப்போதே இணைத்துவிடுங்கள். `OEM` என்று இருந்தால் அது பழைய மதர்போர்டோடு கட்டப்பட்டது, அங்கேயே நின்றுவிடும். புதிய உரிமத்துக்குப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டும். பலர் கடைசியில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். `VOLUME` என்று வந்தால் அது நிறுவனங்களுக்கான வகை. வீட்டுக் கணினியில் அது இருந்தால், அப்போது போட்டுத் தந்தவர் முறையான உரிமம் தரவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

இரண்டாவது, டிஸ்குகள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். `manage-bde -status` என்ற கட்டளையை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் தெரியும். பிட்லாக்கர் போட்டிருந்தால், அதன் சாவி பெரும்பாலும் பழைய போர்டில்தான் இருக்கும். டிஸ்கை வேறு போர்டில் மாட்டியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்பே எழுதி வையுங்கள், அல்லது மறையாக்கத்தை நீக்கிவிட்டே கழற்றுங்கள்.

மூன்றாவது, டிஸ்கின் உடல்நிலை. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

நிச்சயமாக வராதவை

ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றும் ஒரே கட்டு. ஒன்றை மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தத் தலைமுறை இடைவெளியில் நிலைமை. ஐ5-4460 உட்காரும் சாக்கெட்டில் 1150 தொடுபுள்ளிகள். ரைசன் 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் 1718. இதில் சமரசத்துக்கு இடமே கிடையாது.

ரேமில்தான் புதியவர்களுக்கு ஆசை வரும். "8 ஜிபி சும்மா கிடக்கிறதே, இதையும் சேர்த்துப் போட்டால் 24 ஜிபி ஆகுமே" என்று தோன்றும். ஆகாது. டிடிஆர்3-இன் அடியில் 240 பின்கள், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. இவை இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், தப்பித் தவறிக்கூட மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. மின்னழுத்தமும் வேறு: 1.5 வோல்ட், 1.2, 1.1 என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ரேம் ஸ்லாட்டில் இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள். வெட்டு ஒத்துவராத ரேமை அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, பணம் மிச்சமாகும் விதிவிலக்கு. உங்கள் பழைய கணினியில் இருப்பது டிடிஆர்4 என்றால் புதிய போர்டையும் அதற்கேற்பத் தேர்வு செய்யலாம். ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 போன்றவை டிடிஆர்4-இல்தான் ஓடும். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரே மாடல் பெயரில் இரண்டு வகையும் வரும் என்பதால், பெட்டியில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் பழைய ரேமோடு வேறு கம்பெனி புது ரேமைக் கலக்கும்போது இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். சில நேரம் கணினி அடிக்கடி நீலத்திரை காட்டும். கலந்து போட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு பிழை வந்தாலும் அந்தக் கலவை வேண்டாம்.

பழைய இன்டெல் கூலரும் வராது. நான்கு பிளாஸ்டிக் காலை அழுத்தி மாட்டுகிற அந்தக் கூலருக்கு ஏஎம்5 போர்டில் துளையே இல்லை. ரைசன் 7600-க்குப் பெட்டியிலேயே கூலர் வருகிறது, அது போதும்.

எஸ்எம்பிஎஸ்

பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான். 24 பின் கனெக்டர் புதிய போர்டிலும் அதேதான், மாட்டினால் ஓடவும் செய்யும். ஆனால் இது கெட்டுப்போகும்போது தனியாகப் போகாமல் போர்டையும் டிஸ்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும் என்பதால், சந்தேகம் வந்தால் பழையதை விட்டுவிடுவதே என் கட்சி.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450 வாட்டைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே ஒரு அட்டவணை இருக்கும், அதில் +12V என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பதெல்லாம் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். கேபினட்டோடு வரும் மலிவான எஸ்எம்பிஎஸ் பலவற்றில் அந்த இடத்தில் 18 ஆம்பியர் அளவில்தான் இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 216 வாட். பெயரில் இருக்கும் 450-இல் பாதிகூட இல்லை.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரைசன் 7600 முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். 1050 டிஐ 75 வாட். இரண்டும் சேர்ந்து 163. போர்டு, ரேம், ஃபேன், டிஸ்குகளுக்கு ஒரு 40 முதல் 50 வாட் வைத்தால் 210 பக்கம் வந்துவிடும். கையில் இருப்பது 216. அதுவும் புதிதாக இருந்தபோது எழுதிய எண். பத்து வருஷம் வெயிலிலும் தூசியிலும் ஓடியபின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்து, அந்த அளவைக்கூடத் தராது. ஆக இந்த எஸ்எம்பிஎஸ் வேண்டாம். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேலேயே எழுதியிருக்கும். வித்தியாசத்தை அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்து கனெக்டர். புதிய போர்டில் ப்ராசஸருக்கென்று 8 பின் மின் இணைப்பு இருக்கும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் 4 பின்தான். அதை 8-இன் பாதியில் செருகினால் சில போர்டுகள் ஓடவும் செய்யும். அதை நம்பி விட்டுவிட்டால் அந்த நான்கு பின்கள் மேல் பாரம் முழுவதும் விழும். பிராண்டட் கம்பெனி டெஸ்க்டாப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் 24 பின்னே இல்லாமல் சொந்த வடிவத்தில் இருக்கும். கேபினட்டின் பவர் பட்டன் வயரும் அப்படியே. அந்த இரண்டையும் புதுசுக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் எந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடரலாம்? பெயர் பெற்ற கம்பெனியின் 80 பிளஸ் சான்று உள்ளது, 5 அல்லது 7 வருஷ வாரண்டியோடு வந்தது, அந்த வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது, தேவையான கனெக்டர்கள் எல்லாம் உண்டு. இந்த நான்கும் இருந்தால் தாராளமாகப் போடலாம். விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ ஓடும்போது மட்டும் கணினி திடீரென்று அணைந்தாலோ, பயாஸில் 12 வோல்ட் காட்டும் இடத்தில் 11.4-க்குக் கீழே இறங்கினாலோ, கருகல் வாசனை வந்தாலோ அது முடிந்துவிட்டது. ரிப்பேர் செய்யலாமென்று மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது வயர்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வயர் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும், ஆனால் அந்த முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஸ்விட்ச் போட்ட அந்த நொடியிலேயே டிஸ்க் போய்விடும், அதில் இருந்த போட்டோக்களோடு.

டிஸ்குகள்

சாட்டா ஹார்ட் டிஸ்கும் சாட்டா எஸ்எஸ்டியும் புதிய போர்டில் அப்படியே பொருந்தும். சாட்டா டேட்டா வயரையும் பழையதையே பயன்படுத்தலாம். ஆக இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டும்.

CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறவுங்கள். மேலே நீல நிறத்தில் `Good`, மஞ்சளில் `Caution`, சிவப்பில் `Bad` என்று ஒரு பெட்டி இருக்கும். அதோடு நிறுத்தாமல் கீழே உள்ள பட்டியலில் 05, C5, C6 என்ற மூன்று வரிகளைத் தேடி வலது ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. C5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள். C6 என்பது சோதனையில் சரிசெய்ய முடியாதவை என்று தெரிந்தவை. மூன்றிலும் பூஜ்யங்கள் மட்டும் இருந்தால் டிஸ்கை எடுத்துக்கொள்ளலாம். C5-இல் எண் ஏதாவது இருந்தால், நம் கணினியின் 1 டெராபைட் டிஸ்கில் `000000000008` என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம், முதலில் முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அந்த டிஸ்க் புதிய கணினிக்கு வரவேண்டாம். எண் சுத்தமாக இருந்தாலும், பத்து வருஷ ஹார்ட் டிஸ்கில் இருப்பதற்கு இன்னொரு நகல் எங்காவது இருக்கட்டும்.

எஸ்எஸ்டி சரியாக இருந்தால், "அதில் விண்டோஸ் ஏற்கெனவே இருக்கிறதே, அப்படியே மாட்டி ஓட்டலாமே" என்று தோன்றும். சில நேரம் ஓடும். ஆனால் 2014-இல் போட்ட விண்டோஸ் பெரும்பாலும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்கில் இருக்கும். புதிய போர்டுகள் யுஇஎஃப்ஐ முறையை எதிர்பார்ப்பதால் அந்த டிஸ்கிலிருந்து துவங்கவே துவங்காது. பழைய போர்டின் டிரைவர்களும் உள்ளே மிச்சமிருக்கும். புதிய என்விஎம்இ-யில் விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டு, பழைய எஸ்எஸ்டியைக் கோப்புகளுக்கு வைத்துக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி.

அப்படி நிறுவும்போது பழைய டிஸ்குகள் எதையும் இணைத்திருக்கக் கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். இணைத்திருந்தால், விண்டோஸை நீங்கள் புதிய டிஸ்கில் போடச் சொன்னாலும், துவக்கக் கோப்புகளை மட்டும் பழைய டிஸ்கில் இருக்கும் துவக்கப் பகுதியில் எழுதிவிடக்கூடும். அப்போதைக்கு எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றினால் கணினி துவங்காது, காரணமும் புரியாது. விண்டோஸ் நிறுவி, ஒருமுறை மறுதுவக்கம் செய்து பார்த்து, அணைத்து, அதன் பிறகு பழைய டிஸ்குகளை மாட்டுங்கள். பழைய `Users` ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொன்னால் பயப்பட வேண்டாம். `Continue` அழுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் திறந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு, கேபினட், மானிட்டர்

1050 டிஐ தாராளமாக வரும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் பழைய கார்டையும் ஏற்கும். என்விடியா இந்தத் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே இது இடைக்கால ஏற்பாடு, மோசமான ஏற்பாடு அல்ல. 2012-க்கு முந்தைய கார்டுகள் பலவற்றில் யுஇஎஃப்ஐ ஆதரவே இருக்காது, புதிய போர்டில் திரை கறுப்பாகவே நிற்கும். அவற்றை விட்டுவிடுங்கள்.

கேபினட் ஏடிஎக்ஸ் அளவு என்றால் வரும். மதர்போர்டை வைப்பதற்கு முன், கேபினட்டின் தட்டில் திருகியிருக்கும் பித்தளைக் குமிழ்களைப் புதிய போர்டின் துளைகளோடு ஒப்பிடுங்கள். துளை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் நின்றால் அது போர்டின் பின்புறச் சாலிடரைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். முன்பக்க யுஎஸ்பி 3 இல்லாத பழைய கேபினட் என்றால் அந்த வசதி கிடைக்காது, அவ்வளவுதான்.

மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் ஒரு அடாப்டர் வாங்க வேண்டும். 1050 டிஐ-யின் டிவிஐ முனையிலிருந்து விஜிஏ வராது, ஏனென்றால் அந்தத் தலைமுறையில் அனலாக் சிக்னலையே எடுத்துவிட்டார்கள். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள அடாப்டர்தான் வேலை செய்யும்.

மாட்டி, முதல் ஸ்விட்ச்

முதலில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், புதிய எஸ்எம்பிஎஸ், இவ்வளவு போதும். ரைசன் 7600-இல் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டரைப் போர்டின் எச்டிஎம்ஐ-யில் செருகுங்கள். பழைய பாகம் எதுவும் இல்லாமல் பயாஸ் திரை வந்துவிட்டால் புதியவை எல்லாம் சரி என்று அர்த்தம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது எது தகராறு செய்தாலும் அப்போதே பிடிபடும்.

ஏஎம்5 போர்டில் முதல் தடவை ஸ்விட்ச் போட்டதும் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். ஃபேன் சுற்றும், போர்டில் `DRAM` என்ற சின்ன விளக்கு எரியும், வேறு ஒன்றும் நடக்காது. போர்டு அப்போது ரேமோடு ஒத்துப்போகும் வேகத்தையும் அளவையும் கண்டறிந்துகொண்டிருக்கிறது. டிடிஆர்3 காலத்துப் பழக்கத்தில் பத்து நொடியில் திரை வரவில்லையே என்று அணைத்து அணைத்துப் போட்டால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அதற்குப் பிறகும் அதே விளக்கு எரிந்தால் ரேமைக் கழற்றி, போர்டு புத்தகத்தில் ஒற்றை ரேமுக்குச் சொல்லியிருக்கும் ஸ்லாட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்.

விண்டோஸ் நிறுவி முடித்ததும் அணைத்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டை மாட்டி, மானிட்டர் வயரைக் கார்டுக்கு மாற்றுங்கள். அடுத்து பழைய எஸ்எஸ்டி. போர்டு புத்தகத்தில் சாட்டா பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் சாட்டா முனைகளில் ஒன்றிரண்டு வேலை செய்யாது. டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் வேறு முனையில் மாட்டிப் பாருங்கள். ரீடெய்ல் உரிமம் வைத்திருந்தவர்கள் அதே மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, `Settings`-இல் `Activation` பக்கத்துக்குப் போய் `Troubleshoot` அழுத்தி, சமீபத்தில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லும் தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிச்சமாகும் ஐ5-4460, எச்81 போர்டு, டிடிஆர்3 ரேம், கூலர் நான்கையும் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். தனித்தனியாக விற்றால் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். மாட்டிய நிலையில் ஒரு செட்டாகக் கொடுத்தால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் வாங்கிக்கொள்வார்கள், அதே சாக்கெட் போர்டு பழுதாகித் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்பதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். புதிய கணினியில் ஏதாவது கோப்பு இல்லையென்று தெரிந்தால், பழைய டிஸ்கை அது பிறந்த போர்டிலேயே மாட்டித் துவக்கிப் பார்க்க அந்த செட் தேவைப்படும்.